கலியாணம் பதியாத தாய் பிள்ளையின்ட பத்திரத்தில தகப்பன் பெயர் போடலாமா? (திருகோணமலை)

அலஸ்தோட்டம்_வாசி

பக்கத்து வளவுப் பிள்ளை ஒருத்திக்காகக் கேட்கிறன். அவவுக்கு ஒரு மகள். வாற தை மாசம் தரம் 1 போக வேணும். பிள்ளை பிறந்தது திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில. கோயில்ல தாலி கட்டினவை, ஆனா விவாகப் பதிவு செய்யேல்ல. இப்ப ரெண்டு வருசமா வேற வேற. பிறப்புப் பதியேக்க அவர் ஊரில இல்ல, தாய் தனியப் போய்ப் பதிஞ்சா. பத்திரத்தில தகப்பன் கட்டத்தில ஒரு கோடு. "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா" எண்ட இடத்தில "இல்லை".

இப்ப பள்ளிக்கூட விண்ணப்பத்தில தகப்பன் பெயர் கேட்டிருக்கு. அவ சமாதான நீதவானிட்ட ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு, "இன்னார்தான் தகப்பன்" எண்டு எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனா. கவுண்டரில வாங்கியும் பார்க்கேல்ல. தகப்பன் தம்பலகாமத்தில இருக்கிறார். "பிள்ளை என்டதான்" எண்டு வாயால சொல்லுறார், மறுக்கேல்ல.

என்ட கேள்வி ரெண்டு. தாய் தனிய அந்தப் பெயரைப் போடுவிக்க ஏலுமா? ஏலாட்டி பள்ளிக்கூடத்தில என்ன எழுதுறது?

நிலாவெளிக்காற்று

தாராளமா ஏலும். 2015இல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு. தனித்தாய் சொல்லுறதுதான் செல்லும், தகப்பனைக் கேட்கத் தேவையில்ல. அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேசையில வைக்கச் சொல்லுங்கோ. அரச அலுவலர்மார் சட்டம் தெரியாமத்தான் திருப்பி அனுப்புறது.

பழைய_இடாப்பு

நிலாவெளி சொல்லுற தீர்ப்பு இந்திய உச்ச நீதிமன்றத்தின்ட. எங்கட பதிவாளரை அது கட்டுப்படுத்தாது. அதோட அந்தத் தீர்ப்பு சொன்னது வேற விசயம். மணமாகாத தாய் தகப்பன்ட பெயரை வெளியில சொல்லாமலே பாதுகாவலர் உரிமை கேட்கலாம், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் எடுக்கலாம் எண்டுதான் சொன்னது. தகப்பன்ட பெயரை அவர் இல்லாமப் போடலாம் எண்டு சொல்லேல்ல. பெயரை விடுறதுக்கு ஒரு வழி, பெயரைப் போடுறதுக்கு இன்னொரு வழி.

இலங்கையில இது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்குள்ள வருது. பெற்றோர் மணமாகாதவை எண்டால், பதிவாளர் ஒரு ஆளின்ட பெயரைத் தகப்பன் எண்டு எழுத ரெண்டே வழிதான். ஒண்டு, தாயும், "நான்தான் தகப்பன்" எண்டு ஒப்புக்கொள்ளுற ஆளும் சேர்ந்து கேட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கிறது. மற்றது நீதிமன்றக் கட்டளை. மூண்டாவது வழி இல்ல.

சமாதான நீதவான் முடிச்ச கடதாசி ஏன் எடுபடேல்ல எண்டால், அது தாயின்ட ஒரு பக்கச் சொல்லு. நீதவான் உறுதிப்படுத்துறது "இவ என் முன்னால கையெழுத்து வைச்சா" எண்டதை மட்டும்தான், உள்ளுக்க எழுதியிருக்கிறது உண்மையோ எண்டதை இல்ல. தாய் சொன்ன ஆளின்ட பெயரைப் பதிவாளர் எழுதலாம் எண்டு வைச்சால், நாளைக்கு ஊரில யாற்ற பெயரையும் யாரும் எழுதுவிக்கலாம். அதைத் தடுக்கத்தான் இந்த ரெட்டைக் கையெழுத்து. கவுண்டரில இருந்தவர் செய்தது சரி. ஏன் எண்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம், அது வேற கதை.

கப்பல்துறை_72

சும்மா பயப்படுத்தாதேங்கோ. என்ட மனிசன் சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டுப் போய் எத்தினையோ வருசம். சின்னவன் பிறக்கேக்க ஆள் எங்க எண்டே தெரியாது. நான் தனியத்தான் போய்ப் பதிஞ்சனான். அவர்ட பெயரைப் போட்டுத்தான் தந்தவை. கையெழுத்தும் இல்ல, ஒண்டும் இல்ல. அவவும் போய்க் கேட்டால் போடுவினம்.

பழைய_இடாப்பு

அக்கா, நீங்க விவாகச் சான்றிதழ் கொண்டு போயிருப்பீங்க. அதுதான் வித்தியாசம்.

"தனித்தாய்" எண்டு எல்லாரையும் ஒரே பையில போட்டாக் குழப்பம்தான் வரும். பதிவுக் கலியாணம் செய்தவவை விட்டுட்டுப் போனாலும், ஆள் செத்தாலும், சண்டை பிடிச்சுப் பிரிஞ்சிருந்தாலும், விவாகச் சான்றிதழே தகப்பன் ஆர் எண்டு சொல்லும். சாட்சிக் கட்டளைச் சட்டம் 112ஆம் பிரிவு அப்பிடித்தான். செல்லுபடியான விவாகம் இருக்கேக்க பிறந்த பிள்ளை, இல்லாட்டி விவாகம் முடிஞ்சு 280 நாளுக்குள்ள, தாய் மறுமணம் செய்யாம இருக்கேக்க பிறந்த பிள்ளை, அந்தப் புருசன்ட பிள்ளைதான். அந்த நேரத்தில ரெண்டு பேருக்கும் சேர வழியே இருக்கேல்ல எண்டோ, அவருக்கு ஆண்மை இருக்கேல்ல எண்டோ நிரூபிச்சால்தான் மாறும். அதால புருசன் வந்து கையெழுத்து வைக்கத் தேவையில்ல.

அலஸ்தோட்டத்தார் கேட்கிற பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் இல்ல. தாலி கட்டின படம் இருக்கலாம், ஐயர் எழுதித் தந்த துண்டும் இருக்கலாம். வழமைப்படி நடந்த கலியாணம் நீதிமன்றத்தில செல்லுமோ எண்டது பெரிய வாதம். பிரதேச செயலகக் கவுண்டரில அந்த வாதம் நடக்காது, அங்க பார்க்கிறது பதிவு மட்டும்தான்.

இதின்ட மறுபக்கத்தையும் சொல்ல வேணும், ஏனெண்டால் ஆக மோசமான சிக்கல் அங்கதான் வாறது. ஒருத்தி முதல் புருசனை விட்டுப் பல வருசம், ஆனா விவாகரத்து எடுக்கேல்ல. வேற ஒருவரோட பிள்ளை. அவர் ஆசைப்பட்டுக் கையெழுத்து வைக்க வந்தாலும் பதிவாளர் கை வைக்க ஏலாது, சட்டத்தின்ட கண்ணுக்குத் தகப்பன் முதல் புருசன். சிலபேர் "நான் மணமாகாதவ" எண்டு சொல்லிப் பதிஞ்சுபோடுவினம். அது பொய்த் தகவல், குற்றம். காணி எழுத, இல்லாட்டிப் பிறகு மறுமணம் பதியப் போகேக்க பழைய விவாகப் பதிவு வெளியில வரும். அப்ப பிள்ளையின்ட பத்திரமும் கேள்விக்குள்ள வந்துடும்.

கிண்ணியா_ராத்தா

எங்கட பக்கத்தில இதுல ஒரு சின்ன வித்தியாசம் இருக்கி. முஸ்லிம் விவாகச் சட்டத்துல நிக்காஹ் பதியல்ல எண்டதுக்காக விவாகம் இல்லாமப் போறல்ல. அதால பதியாம விட்ட நிக்காஹ பிறகு காழிக்கிட்டப் போய், நடந்த தேதியோட பதிவிக்க வழி இருக்கி. தேதி பிள்ள பிறக்க முன்ன எண்டா பத்திரத்துப் பிரச்சின வேற மாதிரி முடியும். பொண்ணுக்குப் பொறுப்பா நிண்ட வலியும் சாட்சியும் உயிரோட இருக்கக்குள்ள செஞ்சிரணும். ஆனா கோயில்ல தாலி கட்டினவங்களுக்கு இது சரிவராது, பொதுச் சட்டத்துல பதிஞ்சா பதியிற நாள்தான் தேதி.

பழைய_இடாப்பு

ராத்தா சொன்னது சரி. பொது விவாகத்தில பின் தேதி போட ஏலாது. ஆனா இப்ப பதிஞ்சாலும் பிள்ளைக்குப் பிரயோசனம் இருக்கு. பிள்ளை பிறந்த பிறகு தாயும் தகப்பனும் ஒருத்தரை ஒருத்தர் முடிச்சால் பிள்ளை சட்டபூர்வமான பிள்ளையாகும். அந்தச் சான்றிதழோட பிறப்புப் பதிவில தகப்பன் விபரத்தைச் சேர்ப்பிக்கலாம். அவை சேர்ந்து வாழ விருப்பமில்லாட்டி அதுக்காகக் கலியாணம் பதியச் சொல்லி நான் சொல்ல மாட்டன். கூட்டுக் கோரிக்கைக்குக் கலியாணம் தேவையில்ல.

செய்முறை இதுதான். பிள்ளை எங்க பிறந்ததோ அந்தப் பிரிவில்தான் பதிவு கிடக்கும், தாய் எங்க இருக்கிறா எண்டது முக்கியமில்ல. இது திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி, ஆகவே பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். கந்தளாய் ஆஸ்பத்திரியில பிறந்திருந்தால் கந்தளாய்க்குத்தான் போக வேணும். உள்ளுக்க மேலதிக மாவட்டப் பதிவாளரின்ட பிரிவைக் கேளுங்கோ. சான்றிதழ்ப் பிரதி எழுதிக் குடுக்கிற கவுண்டரில நிண்டு மினக்கெட வேண்டாம், திருத்தம் அவை பார்க்கிற வேலை இல்ல. தாயும் தகப்பனும் ஒண்டா, அடையாள அட்டை மூலப்பிரதியோட, பிள்ளையின்ட பத்திரத்தோட போக வேணும். தகப்பன் தன்ட பிறப்புப் பத்திரத்தையும் கொண்டு போகட்டும். ஏனெண்டால் தகப்பன் கட்டத்தில பெயர் மட்டும் இல்ல, அவர் பிறந்த திகதி, பிறந்த இடம், இனம், தொழில், கீழ பிள்ளையின்ட பாட்டனாற்ற விபரமும் கேட்கும்.

பிழைக்கிறது பெரும்பாலும் பெயர் எழுத்தில. ஊரில ஒரு பெயர், அடையாள அட்டையில முதலெழுத்தோட ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில நீட்டுப் பெயர். பிறப்புப் பத்திரத்தில கிடக்கிற முழுப்பெயரை அப்பிடியே எழுதுவியுங்கோ. இங்க ஒரு "ன்" விட்டால் அதைத் திருத்தத் திரும்பவும் ரெண்டு பேரும் அலைய வேணும், தகப்பன் ரெண்டாந்தரம் வருவாரோ தெரியாது.

அலஸ்தோட்டம்_வாசி

விளக்கத்துக்கு நன்றி. இப்பதான் அவரோட போனில கதைச்சது. "பிள்ளை என்டதான், ஆனா கந்தோருக்கு வந்து கையெழுத்து வைக்கிறது எண்டால் யோசிக்க வேணும்" எண்டுறார். அவற்ற தமையன்மார் "காணி போயிடும்" எண்டு வெருட்டியிருக்கினம் போல.

கோட்டடி_நோத்தாரிசு

தமையன்மார் பயப்படுற இடம் பிழை. பயப்பட வேண்டிய இடம் வேற.

காணியை எடுங்கோ. 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை தாயின்ட சொத்துக்கு உரித்தாளி. உயில் எழுதாமச் செத்த தகப்பன்ட சொத்துக்கு இல்ல. பிறப்புப் பத்திரத்தில தகப்பன் பெயர் இருக்கிறது அதை மாத்தாது. அவர் உயிலாலயோ நன்கொடை உறுதியாலயோ எழுதிக் குடுத்தால்தான் பிள்ளைக்குப் போகும். (ஆரும் தேசவழமையை இழுக்க முந்திச் சொல்லுறன், அது வடமாகாணத்துத் தமிழருக்குரிய சட்டம். திருகோணமலையில பிறந்து வளர்ந்த தமிழருக்குப் பொதுச் சட்டம்தான்.) ஆனா பிறகு கலியாணம் பதிஞ்சால் பிள்ளை சட்டபூர்வமாகிடும், அப்ப முதுசமும் வரும். தமையன்மார் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பினம்.

அவர் உண்மையில யோசிக்க வேண்டியது தாபரிப்பு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில, மணமாகாமப் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் செலவு குடுக்க வேணும். ஆனா அவர்தான் தகப்பன் எண்டதை நீதவான் திருப்திப்படுற அளவுக்கு வலுவான சாட்சியத்தால காட்ட வேணும். பதிவேட்டில அவர் தன்ட கையால வைச்ச ஒப்பத்தை விட வலுவான சாட்சியம் என்ன இருக்கு? வாயால "என்ட பிள்ளை" எண்டு ஊர் முழுக்கச் சொல்லுற ஆம்பிளையள் கந்தோர்ப் படி ஏறாததுக்குக் காரணம் இதுதான்.

நிலாவெளிக்காற்று

அப்ப அவர் வராட்டி? நீதவான் நீதிமன்றத்தில தாபரிப்புக் கேட்டு, "இவர்தான் தகப்பன்" எண்டு கட்டளை வந்தால், அதைக் கொண்டு போய்ப் பதிவாளரிட்டக் குடுத்தால் சரிதானே. நீதிமன்றக் கட்டளைதானே.

கோட்டடி_நோத்தாரிசு

இதில நான் உங்களோட ஒத்துப்போகேல்ல. தாபரிப்பு வழக்கில நீதவான் தீர்மானிக்கிறது காசு குடுக்க வேணுமோ எண்டதை. தகப்பன் எண்டதை அந்தத் தேவைக்காக மட்டும்தான் பார்க்கிறார். கட்டளையில "மாதம் இவ்வளவு கட்டவும்" எண்டு இருக்கும், "பிறப்புப் பதிவைத் திருத்தவும்" எண்டு இருக்காது. அதால பதிவுப் பக்கத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போட்டு, இன்னார் தகப்பன் எண்ட பிரகடனமும் பதிவைத் திருத்தும் கட்டளையும் சேர்த்துக் கேட்கிறதுதான் பாதுகாப்பு. மரபணுச் சோதனைக்கு அவர் ஒப்புக்கொண்டால் வழக்குச் சுருங்கும். மறுத்தால் இழுபடும்.

பழைய_இடாப்பு

நோத்தாரிசு சொல்லுறதில பாதிக்குத்தான் நான் உடன்படுவன். சட்டத்தில இருக்கிற சொல்லு "தகுதிவாய்ந்த நீதிமன்றம்". எந்த நீதிமன்றம் எண்டு பெயர் சொல்லேல்ல. தாபரிப்புக் கட்டளையில தகப்பன் முறை பற்றின முடிவு தெளிவா எழுதியிருந்தால் அதை முதல்ல எழுத்தில சமர்ப்பிச்சுக் கேட்கிறதில நட்டம் ஒண்டும் இல்ல. மறுத்தால் மறுப்பையும் எழுத்தில வாங்குங்கோ. மாவட்ட நீதிமன்ற வழக்கு எண்டால் வருசக் கணக்கு. முதலே அங்க ஓடச் சொல்லுறது வழக்கறிஞருக்கு லாபம்.

கோட்டடி_நோத்தாரிசு

காசு இல்லாதவைக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, எனக்கு லாபம் வாறதுக்குச் சொல்லேல்ல. "நட்டம் இல்ல" எண்டு நீங்க சொல்லுற அந்த மறுப்புக் கடிதம் வர எத்தினை மாசம் எண்டு உங்களுக்குத் தெரியாததில்ல.

தரம்1_ரீச்சர்

சண்டையை ஓரமா வையுங்கோ. ரெண்டாம் கேள்விக்கு ஆரும் பதில் சொல்லேல்ல. பிள்ளைக்குத் தை மாசம் பள்ளிக்கூடம், வழக்கு முடியுமட்டும் பிள்ளை வளராம நிக்காது.

தகப்பன் பெயர் இல்லாட்டிப் பிள்ளையைச் சேர்க்க ஏலாது எண்டு ஒரு விதியும் இல்ல. தரம் 1 விண்ணப்பத்தில விண்ணப்பதாரர் தாயா, தகப்பனா, சட்டபூர்வ பாதுகாவலரா எண்டுதான் கேட்கும். தாய் தன்னை விண்ணப்பதாரராப் போட வேணும். பிள்ளைக்குத் தை 31இல 5 வயசு முடிஞ்சிருக்க வேணும், அது பத்திரத்தில தெரியும். புள்ளி வாறது வதிவிட ஆவணங்களால. அதால தாயின்ட பெயர் வாக்காளர் இடாப்பில அந்த முகவரியில இருக்குதோ, கரண்ட் பில், தண்ணி பில், காணி உறுதி அல்லது வாடகை உடன்படிக்கை அவவின்ட பெயரில இருக்குதோ எண்டு பாருங்கோ. தனித்தாய்மாருக்குத் தட்டுப்படுறது தகப்பன் பெயரால இல்ல, இதால. வீடும் பில்லும் இன்னும் அவற்ற பெயரில கிடக்கும், அவரைத் துணைவர் எண்டு காட்ட விவாகச் சான்றிதழும் இராது. அப்ப அந்தக் கடதாசியெல்லாம் புள்ளிக்கு உதவாது.

தகப்பன் கட்டத்தில என்ன எழுதுறது? பத்திரத்தில என்ன இருக்கோ அதுதான். பத்திரத்தில கோடு எண்டால் விண்ணப்பத்திலயும் கோடு. "சும்மா பெயரை எழுதுங்கோ, ஆர் பார்க்கப் போகினம்" எண்டு உதவிக்கு நிக்கிறவையே சொல்லுவினம். கேட்காதேங்கோ. விண்ணப்பத்திலிருந்து அது சேர்வு இடாப்புக்குப் போகும், இடாப்பிலிருந்து விடுகைப் பத்திரத்துக்குப் போகும். 15 வயசில அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கேக்க பிறப்புப் பத்திரத்தையும் பள்ளிக்கூடப் பதிவையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்ப்பினம். ஒண்டில பெயர், மற்றதில கோடு. அப்ப அதிபரும் மாறியிருப்பார், எழுதினவர் ஆர் எண்டும் தெரியாது.

பிறகு பத்திரம் திருந்தினால், திருந்தின பிரதியைக் காட்டி அதிபரிட்ட எழுத்தில கேட்டால் இடாப்பில திருத்தலாம். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் போக முந்திச் செய்யுங்கோ.

கப்பல்துறை_72

ரீச்சர், முதலெழுத்துக்கு என்ன செய்யிறது? வகுப்பில மற்றப் பிள்ளையளுக்கெல்லாம் இருக்கும், இந்தப் பிள்ளைக்கு இல்லையெண்டால் கேட்பாங்கள் தானே.

தரம்1_ரீச்சர்

பிள்ளையின்ட பெயர்க் கட்டமும் தகப்பன் கட்டமும் வேற வேற. பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறது எண்டது தாயின்ட விருப்பம். பதியேக்கயே தன்ட பெயரையோ தன்ட அப்பாவின்ட பெயரையோ முன்னுக்குப் போட்டு நீட்டுப் பெயராப் பதிஞ்சால் முதலெழுத்து தானா வரும். பள்ளிக்கூடத்தில அந்த எழுத்து ஆற்ற பெயர் எண்டு கேட்க ஆருக்கும் தேவையில்ல. இந்தப் பிள்ளைக்கு ஒற்றைப் பெயர் மட்டும் பதிஞ்சிருந்தால் பெயர்த் திருத்தத்தைத் தனியக் கேட்கலாம், அதுக்குத் தகப்பன் தேவையில்ல. பத்திரத்தில புதுப் பெயர் குறிப்பா வரும்.

கிண்ணியா_ராத்தா

எல்லாரும் பெயர் போடுறதப் பத்தியே பேசுறீங்க. போட்டதுக்குப் பிறகு வாறதையும் அந்தத் தாய்க்குச் சொல்லுங்க. 16 வயசுக்குக் கீழ பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கக்குள்ள பத்திரத்துல தகப்பன் பெயர் இருந்தா அவர்ட சம்மதமும் கேப்பாங்க. கோடா இருந்தா தாய்ட கையெழுத்தோட போகும். தாய் வெளிநாட்டுக்குப் போய்ப் பிள்ளையக் கூப்பிடுற எண்ணத்துல இருந்தா, இண்டைக்கு வந்து கையெழுத்து வைக்கிறவர் நாளைக்குச் சம்மதம் தருவாரோ எண்டும் யோசிக்கணும்.

கோட்டடி_நோத்தாரிசு

நல்ல இடத்தில தொட்டீங்க. இப்ப பத்திரத்தில கோடு இருக்கேக்க தாய்தான் பிள்ளையின்ட இயற்கைப் பாதுகாவலர். எங்கட ரோமன் டச்சுச் சட்டத்தில ஒரு பழைய வாக்கு இருக்கு, எந்தத் தாய்க்கும் பிள்ளை முறைதவறிப் பிறக்கிறதில்ல எண்டு. தகப்பன் கையெழுத்து வைச்ச உடனே பாதுகாவலர் உரிமை தானா அவருக்குப் போறதில்ல. ஆனா கந்தோர் மேசையில இருக்கிறவைக்கு அந்தச் சட்டம் தெரியாது, பெயர் இருக்கு, சம்மதம் எங்க எண்டுதான் கேட்பினம்.

அலஸ்தோட்டம்_வாசி

எல்லாத்தையும் அவவுக்கு வாசிச்சுக் காட்டினன். பாஸ்போட் கதையைக் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசேல்ல. பள்ளிக்கூட விண்ணப்பத்தைக் கோட்டோடயே நிரப்பிப்போட்டம், விண்ணப்பதாரர் தாய். வாக்காளர் இடாப்பில அவ தாய் வீட்டு முகவரியில இருக்கிறா, தண்ணி பில்லு மட்டும் தகப்பனாற்ற (அவவின்ட அப்பா) பெயரில. அது சரிவருமோ ரீச்சர்?

தம்பலகாமத்தாரிட்ட ஒண்டும் கேட்கப் போறதில்லையாம், அவரா வாறார் எண்டால் பார்ப்பமாம்.

தரம்1_ரீச்சர்

விண்ணப்பதாரரின்ட பெற்றோரின்ட பெயரில இருக்கிற ஆவணத்துக்குச் சுற்றறிக்கையில தனிப் புள்ளி வரிசை இருக்கு. இந்த வருசத்துச் சுற்றறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கோ. அவவின்ட சொந்தப் பிறப்புப் பத்திரத்தையும் பின்னால குத்துங்கோ. பில்லில இருக்கிறவர் அவவின்ட தகப்பன் எண்டதை அதுதான் காட்டும்.